ஏழாவது ட்ரையல்

மாப் அக்கா என்றால்தான் அவரை எல்லாருக்கும் தெரியும். பதினொரு வருடம் அடுத்தவர் கம்பெனிக்காக அலுவலகங்களைத் துடைத்துவிட்டு, இப்போது நான்கு பெண்களோடு சொந்தமாகத் தொடங்கியிருக்கிறார். முதல் ஒப்பந்தம் இந்த மாதம் கிடைக்காவிட்டால் அந்த நால்வரும் பழைய முதலாளியிடமே திரும்பிவிடுவார்கள்.

வாடிக்கையாளர் பிடிக்கக் கடிதம் வேண்டுமே! இன்ஷூரன்ஸ் ஏஜெண்டான கணவர் எழுதிக் கொடுத்தார்: "தூய்மையின் சிகரத்தைத் தொட விழையும் தங்கள் மேலான நிறுவனத்திற்கு..."

"சிகரத்துல யாருங்க ஒட்டடை அடிக்கப் போறா?" என்று அதைத் தள்ளிவிட்டு, அக்காவே போனில் தட்டினார்:

"வணக்கம். புதுசா ஆபீஸ் கிளீனிங் சர்வீஸ் ஆரம்பிச்சிருக்கோம். ஒரு தடவை இலவசமா வந்து, ஒரு இடத்தைச் சுத்தம் பண்ணிக் காட்டுறோம். பிடிச்சா பேசலாம். வேண்டாம்னா ஒரு வார்த்தை சொல்லுங்க, மறுபடி தொந்தரவு பண்ணமாட்டோம்."

நாற்பத்து மூன்று மேனேஜர்களுக்குப் போனது. பதில் இரண்டு. ஒருவர், "என் நம்பர் யார் குடுத்தது?" இன்னொருவர், "சனிக்கிழமை மூணு மணிக்கு வாங்க."

சனிக்கிழமை, வாசலில் வாட்ச்மேன் பதிவேட்டை நீட்டினார். கையெழுத்துப் போடக் குனிந்த அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடந்த ஆறு சனிக்கிழமைகளிலும் மூன்று மணிக்கு ஆறு வெவ்வேறு கிளீனிங் கம்பெனிகள். எல்லாருக்கும் வந்த காரணம் ஒன்றே: ட்ரையல்.

"என்னண்ணே இது?"

"நிரந்தரமா ஆள் வச்சே ரெண்டு மாசமாச்சும்மா. வாராவாரம் யாராவது வந்து பெருக்கிட்டுப் போறாங்க. சார் கெட்டிக்காரரு."

கெட்டிக்காரர் மேலே காத்திருந்தார். "வாங்கம்மா. ஹால், நாலு கேபின், பாத்ரூம். அஞ்சு மணிக்குள்ள முடிச்சிருங்க."

"ஒரு இடம்னுதானே சார் எழுதியிருந்தேன்?"

"அட, முழுசாப் பாத்தாத்தானே தரம் தெரியும்!"

சிரிப்பதா, அவர் தலையில் வாளியைக் கவிழ்ப்பதா? அக்கா இரண்டும் செய்யவில்லை. முதலாளி அறைக்கு முன்னால் நீளமாகக் கிடந்த சாம்பல் கார்ப்பெட்டைக் காட்டி, "இதுதான் அந்த ஒரு இடம்" என்றார். நடுவே டேப் ஒட்டினார். தூசியை உறிஞ்சி, ஓரத்தில் ஷாம்பூ தடவிச் சாயம் போகிறதா என்று பார்த்துவிட்டு, இடது பாதியை மட்டும் கழுவி, ஈரத்தை இழுத்தெடுத்தார். டேப்பைப் பிரித்ததும் மேனேஜரின் முகம் சுருங்கியது. இடது பக்கம் நீலம். அது சாம்பல் கார்ப்பெட்டே இல்லை.

"மீதி?"

"ட்ரையல் முடிஞ்சுது சார். கொட்டேஷன் திங்கட்கிழமை வரும்."

திங்கட்கிழமை பத்து மணிக்கே போன். "ஏம்மா, முதலாளி கார்ப்பெட்டைப் பாத்துட்டு, இது எத்தனை வருஷ அழுக்குன்னு கேக்குறாரு! மீதியையும் முடிச்சுக் குடுங்களேன், ப்ளீஸ்."

"ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டா, செவ்வாய்க்கிழமை காலைல நாலு பேரோட வர்றேன்."

"இன்னொரு ட்ரையல் மாதிரி..."

"அதுக்கு எட்டாவது கம்பெனியைப் பாருங்க சார்."

ஓராண்டு ஒப்பந்தம் மதியமே கையெழுத்தாகி வந்தது. செவ்வாய்க்கிழமை நால்வரும் பாத்ரூமில் தொடங்கினார்கள். ஆறு கம்பெனிகளும் அதைத் தொடவே இல்லை என்பது கதவைத் திறந்ததும் தெரிந்தது; ஏன் என்பதும் புரிந்தது.