சின்னவள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம்

பெரியவளைப் பற்றி நல்லதாகச் சொல்ல நிறைய இருக்கிறது. இருபது வருடமாக அந்த வீட்டை இழுத்துக்கொண்டு வந்தவள். தையல் மெஷினில் உட்கார்ந்தால் முதுகு நிமிராமல் மூன்று உடுப்புகளை முடிப்பாள். யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் முதலில் போய் நிற்பாள். ஆனால் ஓரகத்தி ஒருத்தி ஒரே கூரைக்குக் கீழே இருந்துவிட்டால் இந்த நல்ல குணமெல்லாம் எந்த மூலைக்குப் போகும் என்று அவளுக்கே தெரியாது.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு கிடங்கு அலுவலகத்தில் கணக்கு எழுதியவள். "உன் கையில ஒரு தப்பு வந்து நான் பார்த்ததில்லம்மா" என்று மேலாளர் சொன்னதை இன்றைக்கும் எண்ணிப் பார்ப்பாள். மகள் பிறந்ததும் அதை விட்டாள். யாரும் விடச் சொல்லவில்லை, விடாதே என்றும் சொல்லவில்லை. சின்னவள் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தது அதற்குப் பத்து வருடம் கழித்து. வந்தவளுக்கும் குழந்தை பிறந்தது, அவளும் ஐந்து வருடம் வீட்டில்தான் இருந்தாள். அந்த ஐந்து வருடமும் இரண்டு பேருக்கும் நல்ல ஒட்டுதல். இரண்டு பேரும் ஒரே பள்ளத்தில் உட்கார்ந்திருந்தார்கள் அல்லவா!

பிறகுதான் அந்த அட்டைப் பெட்டி வந்தது. மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்து தரும் ஒரு நிறுவனம், வேலையை விட்டு இடைவெளி விழுந்த பெண்களுக்கென்று ஆறு மாதப் பயிற்சி வைத்திருந்தது. சின்னவளுக்கு அதில் இடம் கிடைத்தது. வீட்டிலிருந்தே செய்யலாம். நோயாளிகளின் பதிவுகளில் பிழை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாதாமாதம் உதவித்தொகை உண்டு. பெட்டிக்குள் லேப்டாப், சார்ஜர், மவுஸ், ஹெட்செட், அப்புறம் விரல் நகம் அளவுக்கு ஒரு சின்னப் பொருள். அதைச் செருகினால்தான் லேப்டாப் நிறுவனத்தின் பதிவுகளைத் திறக்கும். டோக்கன் என்றாள் சின்னவள். கூடவே எட்டுப் பக்கத்தில் ஒரு ஒப்பந்தம்.

"அக்கா, சாட்சிக் கையெழுத்து ஒண்ணு வேணும். நீங்க போடுறீங்களா? படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க."

"அதுக்கெல்லாம் எனக்கு எங்கடி நேரம்? எங்க போடணும்னு காட்டு."

போட்டாள். படிக்கவில்லை. படித்திருந்தால் மறுநாள் கதவு மூடியபோது அவ்வளவு கோபம் வந்திருக்காது.

அதுவரை அந்த வீட்டில் பகலில் எந்த அறைக் கதவும் மூடியதில்லை. சின்னவள் ஒன்பது மணிக்கு உள்ளே போய்ச் சாத்திக்கொண்டாள். பெரியவள் டீ எடுத்துக்கொண்டு போய்த் தட்டினால், முதலில் லேப்டாப் மூடி பட்டென்று சாயும் சத்தம், அதற்கப்புறம்தான் கதவு திறக்கும்.

"நான் என்ன திருடிட்டா போகப்போறேன்?"

"ஐயோ, உங்களைச் சொல்லலக்கா. நோயாளிங்க பேரு, நோவு எல்லாம் இருக்கு. வீட்டு ஆளுங்க கண்ணுலகூடப் படக்கூடாதுன்னு போட்டிருக்கு. இவருகிட்டகூட நான் சொல்றதில்ல. பயிற்சி முடிஞ்சு ரெண்டு வருஷம் வரைக்கும் வாயத் திறக்கக் கூடாது."

"நீ பெரிய மந்திரி, ரகசியம் காக்கற" என்று சிரித்துவிட்டுப் பெரியவள் வெளியே வந்தாள். அந்தச் சிரிப்பு வாசல் தாண்டுவதற்குள் செத்துப்போனது.

வயிற்றெரிச்சல் ஒரே நாளில் வருவதில்லை. முதல் மாத உதவித்தொகையில் சின்னவள் தையல் மெஷின் இருந்த மூலைக்கு ஒரு சுவர் மின்விசிறி வாங்கி மாட்டினாள். "எவ்வளவு நாளா வேர்த்து விறுவிறுத்துத் தைக்கறீங்க!" என்றாள். வீடே அவளைக் கொண்டாடியது. அந்தக் காற்று பட்டபோதெல்லாம் பெரியவளுக்கு உடம்பு குளிர்ந்தது, உள்ளே எரிந்தது. அப்புறம் அவள் சொந்த மகளே ஒருநாள், "நான் சித்தி மாதிரி ஆகணும்மா" என்றாள். பதினேழு வயதுப் பெண், யோசிக்காமல் சொன்ன வார்த்தை. பெரியவள் அன்றைக்குத் தைத்த ரவிக்கையின் கைப்பகுதியை மூன்று தடவை பிரித்துத் தைத்தாள்.

ஆறு மாதம் ஒரு புதன்கிழமையோடு முடிந்தது. வியாழக்கிழமை காலை சின்னவள் பெட்டியைக் கட்டிலில் வைத்து, ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்த பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாக அடுக்கினாள். முகம் பூரித்திருந்தது.

"நாளைக்குக் கூரியர்காரர் வர்றாருக்கா. ஏழு நாள் டைம் இருக்கு, ஆனா சீக்கிரமா அனுப்பிடணும். எல்லாம் சரியா வந்து சேர்ந்துச்சுன்னு அவங்க சரிபார்த்தாத்தான் கடைசி மாச ஸ்டைபண்ட், சர்டிபிகேட் எல்லாம். வேலைக்கு ஒருத்தரை எடுக்கப் பாக்கற மூணு பேர்ல என் பேரும் இருக்குன்னு மேனேஜரம்மா சொன்னாங்க. அதுக்கும் இந்த க்ளியரன்ஸ் வேணும்."

"நிஜ வேலையா?"

"நிஜ வேலைக்கா. அதுக்கு வேற லேப்டாப் தருவாங்க. இது திரும்பிப் போயே ஆகணும்."

சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். கதவு திறந்தே கிடந்தது. பெரியவள் துவைத்த துணியை மடித்து வைக்கத்தான் உள்ளே போனாள், சத்தியமாக. சார்ஜருக்குப் பக்கத்தில் டோக்கன் கிடந்தது. ஒன்று குறைந்தால் போதும் என்று மனதுக்குள் யாரோ சொன்னார்கள். எடுத்தாள். தன் தையல் மெஷினருகே இருந்த பட்டன் டப்பாவுக்குள் போட்டு மூடினாள். மெஷினில் போய் உட்கார்ந்து ஊசியில் நூல் கோர்த்தாள்.

சின்னவள் தலையில் துண்டோடு வந்து மறுபடி பட்டியலைப் பார்த்தாள். பெட்டியைக் கவிழ்த்தாள், படுக்கையை உதறினாள், கட்டிலுக்கு அடியில் படுத்துப் பார்த்தாள்.

"அக்கா, டோக்கனைப் பாத்தீங்களா?"

"எதுடி, அந்தப் பொடிச் சாமானா? நான் எங்க பாத்தேன்."

சின்னவள் அவளையே பார்த்தாள். ஒரு மூச்சு விடும் நேரம்தான். பிறகு போனை எடுத்தாள்.

"யாருக்கு?"

"ஆபீசுக்கு. காணலன்னு மெயில் போட்டுட்டு, ஐ.டி. ஆளுக்குப் பேசணும்."

பெரியவள் மெஷினை விட்டு எழுந்தாள். "பைத்தியமா உனக்கு? வேலை வர்ற நேரத்துல நீயே போய்ச் சொல்லுவியா? ரெண்டு நாள் தேடு. ஏழு நாள் இருக்குன்னியே!"

"ஏழு நாள் பொருளைத் திருப்பறதுக்குக்கா. தொலைஞ்சா உடனே சொல்லணும், பதினோராவது ஷரத்து. அது யார் கையிலயாவது மாட்டினா நோயாளிங்க பதிவைத் திறக்கப் பாக்கலாம். சொன்னா உடனே அங்கிருந்தே முடக்கிடுவாங்க."

பேசிவிட்டாள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மறுமுனையில் யாரோ ஏதோ கேட்டார்கள், இவள் "இல்ல சார்" என்றாள், அவ்வளவுதான். பட்டன் டப்பாவில் கிடந்தது அந்த நேரத்திலிருந்து எதையும் திறக்காத வெறும் தகரம்.

மத்தியானம் சின்னவள் பிள்ளையை அழைத்துவரப் போனபோது பெரியவள் அலமாரியிலிருந்து ஒப்பந்தத்தின் நகலை எடுத்தாள். அப்போதுதான் படித்தாள். கணக்கு எழுதிய கண், ஒரு வரி விடவில்லை. கொடுக்கப்பட்ட பொருள்கள் எந்நாளும் நிறுவனத்துக்கே சொந்தம். வேறு எவரும் கையாளலாகாது, குடும்பத்தினர் உட்பட. தொலைந்த பொருளை உடனே தெரிவித்தால் அதன் விலை மட்டும் உதவித்தொகையில் கழிக்கப்படும், மறைத்தால் பயிற்சியே ரத்து. ஆக, மறைத்தால்தான் வேலை போகும். 'ரெண்டு நாள் தேடு' என்று தான் சொன்னதைச் சின்னவள் கேட்டிருந்தால் போயிருக்கும். எட்டாம் பக்கத்தில் சாட்சி என்ற இடத்தில் தன் கையெழுத்து. என்ன அழகான கையெழுத்து!

திருப்பி வைத்துவிடலாமா என்று வெள்ளிக்கிழமை காலைவரை நினைத்தாள். கட்டில் கால் ஓரத்தில் போட்டுவிட்டு, 'இதோ பாருடி' என்றால் முடிந்தது. கூரியர்காரர் வந்தார், பெட்டியைப் படம் எடுத்தார், ரசீது கொடுத்தார், போனார். பெரியவளின் கை டப்பாவின் மூடிமேல் இருந்தது. திறக்கவில்லை. வெட்கம் பாதி. இன்னும் தோற்கட்டுமே என்ற ஆசை மீதி. அதையும் மறைப்பதற்கில்லை.

அடுத்த புதன்கிழமை சின்னவள் கதவைத் திறந்து வைத்தே போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள். மேலாளரம்மாவின் குரல் கூடம் வரைக்கும் கேட்டது. சாமான் சரிபார்த்தாகிவிட்டது, டோக்கன் விலை மட்டும் பிடித்துக்கொள்வார்கள், வேலைக்கான கடிதம் மாலையில் வரும். அதோடு விட்டிருக்கலாம். "தொலைச்சவங்க எல்லாரும் ஒரு வாரம் மூச்சு விட மாட்டாங்கம்மா. நீங்க பத்து நிமிஷத்துல சொன்னீங்க. மூணு பேர்ல உங்களை எடுத்ததுக்கு அதான் காரணம்" என்றாள் அந்த அம்மா.

பெரியவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். கெடுக்க நினைத்த கையே தூக்கி விட்டிருக்கிறது. தன்னால்தான் வேலை கிடைத்தது என்று யாரிடம் போய்ச் சொல்வது?

சின்னவள் வந்து மெஷினுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"கேட்டுச்சாக்கா?"

"கேட்டுச்சு. சந்தோஷம்டி."

"புது ஒப்பந்தத்துல வேலை செய்யற அறைக்குப் பூட்டு இருக்கணும்னு வரும்னு முன்னாடியே சொல்லியிருந்தாங்க. நாளைக்கு ஆள் வந்து மாட்டுவாரு. தப்பா எடுத்துக்காதீங்க."

"நான் எதுக்குத் தப்பா எடுத்துக்கறேன்?"

சின்னவள் உடனே போகவில்லை. குரலைத் தணித்தாள். "அன்னிக்கு ஐ.டி. ஆளு, வீட்டுல யாராவது எடுத்திருப்பாங்களான்னு கேட்டாரு. இல்லன்னுட்டேன்."

பெரியவள் நிமிர்ந்து பார்த்தாள். தெரிந்திருக்கிறது. சின்னவள் தன்னையே பார்த்த அந்த ஒரு மூச்சு நேரத்திலேயே தெரிந்திருக்கிறது.

"ஏன் அப்படிச் சொன்ன?" என்றாள். மன்னிப்பு என்று ஒன்று வந்தால் வாங்கிக்கொள்ள அவள் தயாராகத்தான் இருந்தாள்.

"ஆமான்னு சொன்னா, இந்த வீட்டுல வச்சு இவ எப்படி வேலை செய்வான்னு என் பேரை அடிச்சிருப்பாங்க. உங்களுக்காகச் சொல்லலக்கா. எனக்காகச் சொன்னேன்."

கத்தியிருந்தால் பெரியவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள், நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஐந்தாம் நாள் பேசியிருப்பாள். இவள் கோபம்கூடப் படவில்லை. தனக்கென்று ஒன்று இருக்கிறது, அதைக் காப்பாற்ற ஒரு பொய், அவ்வளவுதான் கணக்கு. பெரியவளுக்கு அப்போது வந்த பொறாமைக்கு முன்னால் இந்த ஆறு மாதப் பொறாமை ஒன்றுமே இல்லை. கிடங்கு அலுவலகத்தை விட்ட நாளில் 'இது எனக்கு வேணும்' என்று ஒரு வார்த்தை, பொய்யாகவோ நிஜமாகவோ, அவள் வாயில் வந்திருக்கவில்லை.

"பூட்டுக்குச் சாவி எத்தனை?" என்றாள்.

"ரெண்டுக்கா. வீட்டுல ஒண்ணு பொதுவா..."

"வேணாம். ரெண்டையும் நீயே வச்சுக்கோ."