மேடு இல்லாத விசைகள்

கீபோர்டு விசைகளுக்கு அடியில் இருக்கும் சுவிட்சுகளில் எனக்கு முதலில் பிடித்தது கிளிக்கிதான். ஒவ்வொரு விசையை அழுத்தும்போதும் யாரோ சொடுக்குப் போடுவதுபோல் ஒலிக்கும். மருத்துவர்கள் பேசி அனுப்பும் பதிவுகளைக் கேட்டு, நோயாளிகளின் குறிப்புகளாகத் தட்டச்சு செய்வது என் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம். வேலை கிடைத்ததும் கும்மிடிப்பூண்டி பஜாரில் உள்ள கம்ப்யூட்டர் கடைக்குப் போய், அந்தச் சத்தத்துக்காகவே ஒரு மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கினேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நான் வேலை செய்வது தெருவுக்கே கேட்கட்டும் என்று நினைத்தேன்.

கேட்டது. "இன்னாடி, ஊட்டுக்குள்ள பொரி வறுக்கிறியா?" என்றாள் அம்மா. அப்பா இரும்பு உருக்காலையில் இரவு வேலை முடித்துவந்து பகலில் தூங்குகிறவர். தலையணையைக் காதோடு அழுத்திக்கொண்டு, "மில்லுல கேக்காத சத்தமா? நீ அடிம்மா," என்பார்.

அந்தச் சத்தம் கேட்காத ஒரே ஆள் நான்தான். மருத்துவரின் குரல் வேறெதையும் நுழையவிடாமல் ஹெட்போனில் ஓடிக்கொண்டிருக்கும். விசை விழுந்ததா என்று தெரியாமல் ஒவ்வொன்றையும் அடிவரை குத்துவேன். சாயங்காலம் விரல்கள் கடுக்கும். மாற்றித் தருவார்களா என்று கேட்க மறுபடி அந்தக் கடைக்குப் போனேன்.

கடையின் பின்பக்கம், தடுப்புக்கு அப்பால், கேம் ஆடும் அறை. அவனை முதலில் பார்த்தது அங்கேதான், ஆட வந்திருந்தான். தொழிற்பேட்டையில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் பராமரிப்பு வேலை. சொந்த ஊர் ஆர்.கே.பேட்டைப் பக்கம். விடுமுறை நாள்களில் கடைக்காரருக்காகக் கீபோர்டுகளைப் பிரித்துச் சரிசெய்வான். அன்றும் ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தான்.

"நாள் பூரா அடிப்பீங்களா?"

"ஆமா."

"காதுல இன்னா மாட்டிப்பீங்க?"

"ஹெட்போன்."

"அப்ப கிளிக் யாருக்கு? எதிர்த்த ஊட்டுக்காரருக்கா?"

எனக்குக் கோபம் வந்தது. சிரிப்பும் வந்துவிட்டது. அவன் மூன்று சுவிட்சுகள் பொருத்திய ஒரு சிறு பலகையை என் முன்னால் தள்ளினான். ஒன்று கிளிக்கி. ஒன்று லீனியர், எங்கும் தடையில்லாமல் வழவழவென்று இறங்கியது. மூன்றாவது டேக்டைல். அதில் இறங்கும் வழியில் ஒரு சிறிய மேடு விரலுக்குத் தட்டுப்பட்டது.

"அந்த மேட்டத் தாண்டுனா எழுத்து விழுந்துச்சுன்னு விரலுக்கே தெரிஞ்சிடும். காது தேவையில்ல. அடி வரைக்கும் குத்தவும் வேணாம். நாளெல்லாம் அடிக்கறவங்களுக்கு இதான்."

"நீங்க எதுல ஆடுவீங்க?"

"லீனியர். ஒரே விசைய விட்டு விட்டு அழுத்தணும். குறுக்க எதுவும் இருக்கக் கூடாது. கிளிக்கியில விசை நல்லா மேல வந்தாத்தான் மறுபடி விழும். அதுக்குள்ள எதிராளி என்னிய முடிச்சிடுவான்."

"நானும் லீனியர் எடுத்தா?"

"சும்மா கைய வெச்சாலே எழுத்து விழும். நோயாளிக்கு மூணாவது கால் மொளைச்சிடும், பரவால்லியா?"

சுவிட்சுகளைக் கழற்றி மாற்றக்கூடிய ஒரு கீபோர்டை எனக்காக எடுத்தான். ஒவ்வொரு சுவிட்சின் ஊசியும் வளைந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து, டேக்டைல்களை அழுத்திப் பொருத்தினான். ஊசி வளைந்தால் அந்த எழுத்து மட்டும் விழாது என்றான். முன்பின் தெரியாத ஒருத்தியின் கைக்காக ஒருவன் இவ்வளவு பொறுமையாக உட்கார்ந்திருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அப்படித்தான் தொடங்கியது. வாரக் கடைசிகளில் அவன் எங்கள் வீட்டுக்கு வருவான். அம்மா டீ போடுவாள். என் கீபோர்டில் ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்து, "இது மேடு இல்லப்பா, ஸ்பீடு பிரேக்கர்," என்பான். நான் அவனுடைய லீனியரில் ஆடினால், விசைமேல் சும்மா கிடந்த என் விரலே ஆட்டத்தில் என் ஆளை மாடியிலிருந்து நடக்கவைத்துத் தள்ளிவிடும். "தற்கொலைப் படை," என்று விழுந்து விழுந்து சிரிப்பான். ஒரு வீட்டில் இரண்டு மேஜை, இரண்டு கீபோர்டு என்று பேசிக்கொண்டோம். அவனுக்கு வேகம், எனக்கு நாள் முழுக்க வேலை.

அவன் வீட்டாருக்குச் சொந்தமாக நெல் வயல் உண்டு. என் தாத்தா அப்படிப்பட்ட வயல்களில் கூலிக்கு நாற்று சுமந்தவர். அவன் வீட்டில் கல்யாணத்துக்குச் சம்மதிக்காததற்கு அதுதான் காரணம் என்று எங்களுக்குத் தெரியும். இருவரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. ஒவ்வொரு முறையும் ஊருக்குப் போய் அவன் அப்பாவிடம் பேசிவிட்டு, முகம் வாடித் திரும்புவான். கடைசியில் ஒரு நாள் போனில், "நைனா ஒத்துக்கினாரு!" என்று கத்தினான். நான் வாசலில் நின்று அழுதேன். அந்த வாரமே, "கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு சர்வீஸ்," என்று சொல்லி என் கீபோர்டைத் துடைத்துத்தர எடுத்துப்போனான்.

ஞாயிறு மதியம் கொண்டுவந்தான். அம்மா கடைக்குப் போயிருந்தாள், அப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். விசைகள் பளபளத்தன. கணினியில் சொருகிக் கையை வைத்தேன். நான் எதுவும் அடிக்கும் முன்பே திரையில் எழுத்துகள் வரிசையாக ஓடின. அழுத்திப் பார்த்தேன். விரல் தடையில்லாமல் அடிவரை போனது.

"மாத்திட்டியா?"

"லீனியர். நல்லா எண்ணெ போட்டிருக்கேன் பாரு, வெண்ணெ மாதிரி. இனிமே ரெண்டு பேரும் சேந்து ஆடலாம்."

"என் வேலைக்கு?"

"எங்கம்மாக்குச் சத்தம் ஆகாதுப்பா."

"சத்தம் வராத டேக்டைல் இருக்குன்னு நீதானே சொன்ன?"

அவன் கீபோர்டின் ஒயரைச் சுருட்டினான், பிரித்தான்.

"நைனா ஒத்துக்கினதே பெருசு. ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டாரு. மருமக சம்பாரிச்சு ஊடு நடக்குதுன்னு ஊர்ல பேசிடக் கூடாதாம்."

"நீ இன்னா சொன்ன?"

"சரின்னேன். உனுக்கும் ரெஸ்ட்டுதானே? எத்தினி நாளு இப்பிடியே அடிச்சிக்கினு இருப்ப?"

வாயால் சொல்லத் தைரியம் வராததை என் விரலுக்குச் சொல்லிவிட்டான். விரல் புரிந்துகொள்ளும் என்று அவனுக்குத் தெரியும். அதைப் பழக்கியவனே அவன்தான்.

"பழைய சுவிட்சப் போட்டுக் குடு."

"இல்லப்பா... கடைக்கு ஒருத்தரு வந்தாரு. நாள் பூரா டைப் அடிக்கறவராம், கை வலிக்குதுன்னாரு. உனுக்குத்தான் இனிமே வேணாமேன்னு குடுத்துட்டேன்."

அவன் அதைக் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. அதுதான் என்னை அடித்துப்போட்டது. கை வலிக்கிறது என்று சொன்ன யாரோ ஒருவருக்கு இரங்கியிருக்கிறான். நான் பள்ளிக்கூடம் போனதும், நோய்களின் பெயர்களை எழுத்துக்கூட்டிக் கற்றதும், அப்பா தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு படுத்ததும் அவனுக்குத் தெரிந்தவைதான். இருந்தும், சரி என்று சொல்லும் முன் என்னைக் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை.

கீபோர்டை அவன் பையில் வைத்தேன். "நீயே ஆடு," என்றேன். "இதுக்கா? ஒரு சுவிட்சுக்கா?" என்று கேட்டுக்கொண்டே செருப்பை மாட்டினான். வாசலில் கொஞ்ச நேரம் நின்றான். நான் கூப்பிடவில்லை.

மறுநாள், கணினியோடு வந்த பழைய ரப்பர் கீபோர்டில் வேலைக்கு உட்கார்ந்தேன். ஹெட்போனில் மருத்துவர் யாருடைய நெஞ்சுவலியையோ நிதானமாக விவரித்துக்கொண்டிருந்தார். அழுதுகொண்டே அடித்தேன். பதிவை நிறுத்தவில்லை, நிறுத்தினால் எழுந்துபோய் அவனுக்குப் போன் செய்துவிடுவேன்.

சில வாரம் கழித்து அவனிடமிருந்து செய்தி வந்தது: "புது டேக்டைல் வாங்கி வெச்சிருக்கேன். வந்து போட்டுத் தரட்டா?" அவன் எதைக் காட்டிலும் நன்றாகச் செய்யக்கூடியது அதுதான். கடை வெளிச்சத்தில் குனிந்த அவன் முகம் நினைவுக்கு வந்தது. வரட்டும் என்று எழுதத்தான் ஆசையாக இருந்தது. ஒன்றை மட்டும் கேட்டேன்: "நைனாகிட்ட மறுபடி பேசுனியா?"

அவன் படித்துவிட்டான் என்று போன் காட்டியது. வேறெதுவும் வரவில்லை. நான் மதியம்வரை போனைப் பார்த்தபடியே அடித்துக்கொண்டிருந்தேன். பிறகு அதைக் கவிழ்த்துவைத்துவிட்டு அடுத்த பதிவைத் திறந்தேன்.