கொதிக்காத மசாலா

தவளக்குப்பம் கூட்டுரோட்டில் கடலூர் சாலையைப் பார்த்தபடி நானும் என் வீட்டுக்காரரும் கிரில் சிக்கன் கடை வைத்திருக்கிறோம். தகரக் கொட்டகை, கரி அடுப்பு, நாலு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு பழைய ஃபிரிட்ஜ். எங்கள் கடைக்கு ஆள் வந்தது கறிக்காக இல்லை, தொட்டுக்கொள்ளக் கொடுத்த சிவப்புச் சட்னிக்காக. அதைச் சொல்லும்போது இன்றைக்கும் என் குரல் இறங்கிவிடுகிறது.

சட்னி ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மதியம் கறியைத் தயிர், மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு விழுது, எலுமிச்சைச் சாறு, உப்பு போட்டுப் புரட்டி ஃபிரிட்ஜில் வைப்பேன். சாயங்காலம் துண்டுகளை எடுத்துக் கம்பியில் கோத்த பிறகு பேசினில் மசாலா மிச்சம் நிற்கும். கறியின் தண்ணீரும் இறங்கி, கெட்டியாக, செக்கச்செவேலென்று இருக்கும். கொட்ட எனக்கு மனசு வராது. அதிலேயே இன்னும் கொஞ்சம் தயிரும் கொத்தமல்லியும் சேர்த்துக் கலக்கிச் சின்னச் சின்னக் கிண்ணங்களில் ஊற்றிக் கொடுப்பேன். அடுப்பில் வைத்ததே இல்லை. என் வீட்டுக்காரரும் கறியை இறக்குகிற நேரத்தில் அதே பேசினில் பிரஷ்ஷை முக்கி மேலே ஒரு பூச்சுப் பூசுவார். பளபளவென்று இருக்கும்.

என் நாத்தனார் புதுச்சேரியில் ஒரு பெரிய ஓட்டல் சமையலறையில் வேலை செய்கிறாள். ஒருமுறை கடைக்கு வந்தவள் இதைப் பார்த்துவிட்டாள்.

"அண்ணி, பச்சைக் கறி ஊறின மசாலா இது. அப்படியேவா குடுக்கறீங்க? கறி போடறதுக்கு முன்னாடியே கொஞ்சம் தனியா எடுத்து வைங்க. இல்லன்னா நல்லா கொதிக்க வைங்க."

"எலுமிச்சம்பழம் இருக்குது, உப்பு இருக்குது, இவ்ளோ காரம் இருக்குது. இதுல எந்தக் கிருமி நிக்கும்?" என்றேன். "ஓட்டல் பேச்சை ஓட்டலோட வச்சிக்க."

அவள் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

பக்கத்துக் கடை தையல்கடை. அதை நடத்துகிற அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எங்கள் ஃபிரிட்ஜுக்கு ஆரம்பத்தில் கரண்ட் அவர் கடையிலிருந்துதான். அவருடைய மகள் ஆறு மாதக் கர்ப்பமாக அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்தப் பெண் கேட்டாள் என்று அக்கா ஒரு முழுக்கோழி வாங்கிப்போனார். "சட்னி நெறையா ஊத்துமா, அவளுக்கு அதான் உசுரு" என்றார். இரண்டு கிண்ணம் கூடுதலாகவே ஊற்றிக் கொடுத்தேன். பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுக்கிறோம் என்ற பெருமையோடு கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை தையல்கடை பூட்டியிருந்தது. விடியற்காலையிலிருந்து வாந்தி, பேதி, குளிர்காய்ச்சல், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று டீக்கடைக்காரர் சொன்னார். நான் இரண்டு இளநீர் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அந்தப் பெண் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. உதடு வெடித்திருந்தது. அக்கா அவள் வயிற்றின்மேல் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். குழந்தை அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது எனக்குப் புரிந்தது.

நர்ஸ் வந்து கேட்டார். "ரெண்டு மூணு நாளா வெளியில எதாவது சாப்பிட்டாங்களா?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு நர்ஸிடம் சொன்னார்: "இதோ இந்தப் பொண்ணு கடையில சிக்கன் வாங்கினோம். ஆனா அது சுத்தமான கடைங்க, நான் தெனமும் கண்ணால பாக்கறேன். சனிக்கெழமை பானிபூரி துன்னா. அந்தத் தண்ணிதான்."

நான் வாயைத் திறந்தேன். வந்த வார்த்தை இதுதான்: "ஆமாக்கா, அந்தத் தண்ணி எங்க புடிக்கறானோ."

பானிபூரி வண்டிக்காரர் பாகூர்ப் பக்கத்து ஆள். ஐம்பது வயதிருக்கும். எங்கள் கடைக்கு நேர் எதிரே வண்டி போடுவார். கேன் தண்ணீர் வாங்கித்தான் ரசம் கரைப்பார். அதை நான் தினமும் பார்த்திருக்கிறேன். அவர் தண்ணீர் எங்கே பிடிக்கிறார் என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

அன்று சாயங்காலம் கடை திறந்தோம். ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து வழக்கமாக வருகிற இரண்டு பேர் வரவில்லை. மூன்றாவது ஆள் சொன்னான்: "ரெண்டு பேருக்கும் நேத்துலேர்ந்து வவுறு சரியில்ல. ஞாயித்துக்கெழம இங்கதான் துன்னோம். நான் சட்னி தொடலக்கா, எனக்குக் காரம் ஆவாது."

அந்த இரண்டு பேரும் பானிபூரி சாப்பிடுகிறவர்கள் இல்லை. என் வீட்டுக்காரருக்கும் திங்கட்கிழமை வயிறு போயிற்று. மிச்சச் சட்னியை அவர்தான் வழித்துச் சாப்பிட்டிருந்தார். கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. நான் அவரைப் பார்த்தேன், அவர் அடுப்பைப் பார்த்தார்.

அன்றைக்குச் சட்னி வைக்கவில்லை. கேட்டவர்களிடம் தயிர் தீர்ந்துவிட்டது என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் நாத்தனாருக்குப் போன் செய்தேன். யாருக்கு என்ன ஆயிற்று என்று சொல்லவில்லை. சட்னியைச் சரியாகச் செய்வது எப்படி என்று மட்டும் கேட்டேன்.

"யாருக்கு அண்ணி முடியல?" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரியில் நான் சொன்னதைத் தவிர.

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "புளிப்பும் உப்பும் கிருமியைக் கொல்லாது அண்ணி. வளர்றத கொஞ்சம் மட்டுப்படுத்தும், அவ்ளோதான். கோழியில இருக்கறது மசாலாவுல எறங்கிடும். கோழி நெருப்புல வேவுது, மசாலா வேவறதில்லையே. அதான் வித்தியாசம்" என்றாள். பிறகு செய்முறையைச் சொன்னாள். மிச்ச மசாலாவை வடிகட்டிக் கொஞ்சம் தண்ணீர் விட்டு அடுப்பில் ஏற்ற வேண்டும். ஓரத்தில் குமிழி வந்தால் போதாது. நடுவிலும் தளதளவென்று கொதிக்க வேண்டும், சில நிமிஷமாவது, அடிவரை கிண்டிக்கொண்டே. தயிர் சேர்ந்திருப்பதால் திரிந்துபோகும், அதனால் சோளமாவைக் கரைத்து முதலிலேயே விட வேண்டும். கொதித்ததை வேறு பாத்திரத்தில், வேறு கரண்டியால் எடுக்க வேண்டும். பச்சைக் கறியைத் தொட்ட கரண்டியோ பிரஷ்ஷோ பட்டால் திரும்பவும் பழைய கதைதான். ஃபிரிட்ஜில் இல்லாமல் வெளியில் கிடந்த மசாலாவா, கொதிக்க வைத்தும் பிரயோஜனமில்லை, கொட்டிவிட வேண்டும். சில கிருமி விட்டுப்போகிற விஷம் கொதிச்சாலும் போகாதாம்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். மறுநாள் அப்படியே செய்தேன். முதல் தடவை திரிந்து, மோர் கெட்டுப்போன மாதிரி பொட்டுப்பொட்டாக நின்றது. இரண்டாவது தடவை வெல்லமும் புளியும் கொஞ்சம் சேர்த்தேன். நிறம் கறுத்தது, ருசி பழையதைவிட நன்றாகவே இருந்தது. அதுதான் என்னை இன்னும் கூனிக்குறுக வைத்தது. பத்து நிமிஷ வேலை. அதைச் செய்யாமல் ஒரு பெண்ணைக் கட்டிலில் கிடத்தியிருக்கிறேன்.

இதற்கிடையில் எதிரே பானிபூரி வண்டிக்குக் கூட்டம் குறைந்தது. அந்தத் தண்ணீர்தான் காரணம் என்ற பேச்சு ஒருத்தர் சொல்லி ஒருத்தருக்குப் போய்விட்டது. ஸ்கூல் விட்டு வருகிற பிள்ளைகளை அம்மாக்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். அவர் அடுக்கி வைத்த பூரி அப்படியே இருந்தது. இரண்டு மூன்று முறை எங்கள் பக்கம் பார்த்தார். நான் குனிந்து வெங்காயம் நறுக்கினேன். அந்த வாரக் கடைசியில் வண்டியைக் காணோம்.

அந்தப் பெண் இரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள், குழந்தைக்கு ஒன்றும் இல்லை. அக்கா தையல்கடையைத் திறந்த அன்றைக்கு, எனக்கென்று ஒரு பிளவுஸ் துணியை ஓரம் அடித்து வைத்திருந்தார். ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்ததற்காகவாம். அதைக் கையில் வாங்க முடியவில்லை.

"அக்கா, பானிபூரி இல்லக்கா" என்றேன். "என் சட்னி."

சொல்லி முடிக்கும்வரை அவர் மிஷினில் வைத்த காலை எடுக்கவில்லை. ஆட்டோக்காரர்கள், என் வீட்டுக்காரர், நாத்தனார் முன்னாலேயே எச்சரித்தது, எல்லாம் சொன்னேன்.

"ஆஸ்பத்திரியில நீ என்னாண்ட நின்னியே" என்றார். "அப்பவே தெரியுமா?"

"சந்தேகம் இருந்துது. அன்னிக்கு சாயங்காலம் உறுதியா தெரிஞ்சிது."

"நான் உனக்காகப் பேசினேன்டி."

அவர் அந்தத் துணியை மடித்து ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னார்: "தெரியாம செஞ்சத நான் வுட்டுடுவேன். அந்த ஆளு பொழப்புல மண்ணப் போட்டுட்டு சும்மா இருந்த பாரு, அத எப்படி வுடறது? போய் அவராண்ட சொல்லு."

விசாரித்து, பாகூர் கடைத்தெருவில் வண்டி போடுகிறார் என்று தெரிந்துகொண்டு போனேன். மத்தியான வெயில். அவர் உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு பிளேட்டை எடுத்தார், சாப்பிட வந்திருக்கிறேன் என்று நினைத்து. நான் சொல்லச் சொல்ல அந்தப் பிளேட்டைத் திரும்ப அடுக்கில் வைத்தார்.

கோபப்படவில்லை. "என் சம்சாரம்கூட என்னைக் கேட்டாமா, தண்ணி எங்க புடிச்சன்னு" என்றார். பிறகு, "இத என்னாண்ட வந்து சொல்லி இன்னா ஆவப்போவுது? எனக்குத்தான் தெரியுமே. அங்க இருக்கறவங்களாண்ட சொல்லு."

அடுத்த நாள் டீக்கடையில், ஆட்டோ ஸ்டாண்டில், ஸ்கூல் வாசலில் நின்ற அம்மாக்களிடம் சொன்னேன். ஒவ்வொரு இடத்திலும் முதல் வாக்கியத்தைச் சொல்வதுதான் கஷ்டம். "அது பானிபூரி இல்லீங்க, எங்க கடைதான்." சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வயிற்று வலியில் கிடந்த ஆட்டோக்காரர்களில் ஒருத்தன், "ரெண்டு நாள் வண்டி ஓட்டலக்கா நான்" என்றான். மன்னிப்புக் கேட்டேன். அவன் பரவாயில்லை என்று சொல்லவில்லை. டீக்கடைக்காரர் மட்டும், "வாயத் தொறந்து சொன்னியே" என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை. சொல்வதற்கு நான் எடுத்துக்கொண்ட நாட்கள் எனக்குத் தெரியும்.

இரண்டு மாதம் கடையில் ஈ ஓட்டினோம். பிறகு மெதுவாக ஆள் வந்தார்கள். இப்போது கறியில் கைவைக்கும் முன்பே தொட்டுக்கொள்ள வேண்டியதைத் தனியாக எடுத்து மூடிவைக்கிறேன். மிச்ச மசாலாவைக் கடை முன்னாலேயே, எல்லோரும் பார்க்கிற அடுப்பில் கொதிக்க வைக்கிறேன். பூசுவதற்கும் அந்தக் கொதித்ததுதான், புதுப் பிரஷ்தான்.

அக்காவுக்குப் பேத்தி பிறந்தாள். பார்க்கப் போனேன். குழந்தையை என் மடியில் வைத்தார்கள். அந்தப் பெண் என்னிடம் சிரித்துப் பேசினாள், அவளுக்கு எல்லாம் தெரியும். அக்கா காபி கொடுத்தார். பேச்சு பழையபடி வரவில்லை.

பானிபூரிக்காரர் திரும்பி வரவில்லை. பாகூரிலேயே வியாபாரம் நன்றாகப் போகிறது என்று கேள்விப்பட்டேன். கேட்டபோது நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த நிம்மதிக்காகவும் வெட்கப்பட்டேன்.