பொடி விற்ற ஆறு வருஷம்

மேலகரத்து ஸ்ரீதேவி ஆறு வருஷமாக வீட்டில் இட்லிப்பொடியும் சுக்குக் காப்பிப் பொடியும் அரைத்து, வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து, பார்சல் அனுப்பி வந்தாள். உணவுப் பாதுகாப்புப் பதிவை மட்டும் கணவன் மாரிராஜ் தன் பெயரில் எடுத்திருந்தான்.

தென்காசி மசாலா கம்பெனி ஒன்றில் ஆன்லைன் ஆர்டர்களைக் கவனிக்க ஆள் கேட்டார்கள். ஸ்ரீதேவி கணவனிடம் ஓர் அனுபவச் சான்று கேட்டாள்.

"ஏட்டி, வீட்டுல பொடி அரைச்சதுக்கு எவனாவது சர்டிபிகேட் குடுப்பானா?" என்று சொல்லிவிட்டு அவன் டிவி பக்கம் திரும்பிக்கொண்டான்.

வேறு வழியில்லாமல், 'வீட்டுத் தொழிலை நடத்தினேன், பதிவு கணவர் பெயரில்' என்று உள்ளதையே ரெஸ்யூமில் எழுதினாள். மாதம் எத்தனை பார்சல், புகார் வந்தால் என்ன செய்வாள் என்பதையும் எழுதி, இரண்டு வாடிக்கையாளர்களிடம் கேட்டு அவர்கள் நம்பரையும் சேர்த்தாள்.

இன்டர்வியூவில் மேலாளர் உமாராணி கேட்டாள்: "பதிவுல உங்க பேரு இல்லையே. நீங்கதான் பாத்தீங்கன்னு எப்படிம்மா நம்ப?"

ஸ்ரீதேவி ரெஸ்யூமில் எழுதியிருந்த வாடிக்கையாளர் நம்பரைக் காட்டினாள். "அந்த நம்பருக்குப் போன் போட்டுக் கேளுங்க மேடம்."

உமாராணி அங்கேயே போன் போட்டு, ஸ்பீக்கரில் மாரிராஜைப் பற்றி விசாரித்தாள். மறுமுனையில் வாடிக்கையாளர் சொன்னாள்: "மாரிராஜா? அது யாருன்னே தெரியாது. நாலு வருஷமா ஸ்ரீதேவி அக்காட்டதான் வாங்குதோம். ஒருதடவ பாக்கெட் கிழிஞ்சு வந்ததுக்கு மறுநாளே வேற அனுப்புனாவ."

மூன்று மாதம் பார்ப்போம் என்று வேலை கொடுத்தார்கள்.

"போ, வேண்டாங்கல. ஆனா பொடி ஆர்டர் நிக்கக்கூடாது, என் பேருல இருக்கு பாத்துக்கோ," என்றான் மாரிராஜ்.

திங்கட்கிழமை விடிவதற்கு முன்பே எழுந்து, பன்னிரண்டு பார்சல் கட்டி வைத்துவிட்டுத்தான் அவள் பஸ் ஏறினாள்.