லோஷினி எழுதிய விமானப் பாடம்

செனாய் விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளை எடை போட்டு அனுப்பும் கவுண்டரில் லோஷினி பல வருடம் வேலை பார்த்தவள். மகள் பிறந்ததும் அந்த ஷிப்ட் வேலையை விட்டுவிட்டு, கெலாங் பாத்தாவில் கமலநாதன் நடத்தும் சுற்றுலா அலுவலகத்தில் சேர்ந்தாள். போன வருடம் பாசிர் கூடாங் தொழிற்சாலை ஒன்றின் கேன்டீன் பெண்கள் பினாங்குக்குப் போக டிக்கெட் எடுத்தார்கள். எல்லோருக்கும் அதுதான் முதல் விமானப் பயணம். கமலநாதனோ, அலுவலகத்தில் வேறு யாருமோ அவர்களோடு போக முடியாத நிலை.

"ஏர்போர்ட்ல என்னென்ன செய்யணும்னு ஒரு வீடியோ எடுத்து வாட்ஸ்அப்புல அனுப்பிடலாம் லா. நீயே எழுதும்மா," என்றார் கமலநாதன்.

லோஷினிக்கு அந்த வேலை பிடித்திருந்தது. ஒவ்வொரு காட்சிக்கும் திரையில் என்ன தெரியும், குரல் என்ன சொல்லும் என்று பக்கம் பக்கமாக எழுதினாள். ஒரு வாக்கியத்தில் ஒரே ஒரு செயல்தான் இருக்க வேண்டும் என்று தனக்கே விதி வைத்துக்கொண்டாள். 'பெர்லெப்பாஸ்' என்ற புறப்பாட்டுப் பலகையை முதலில் தூரத்திலிருந்து காட்டி, அது எங்கே தொங்குகிறது என்று புரிந்த பிறகே நெருங்கிக் காட்டச் சொன்னாள். மெதுவாக வாசிப்பவரும் வாசித்து முடிக்கும்வரை கேமரா அசையக் கூடாது.

முன் கூடத்தில் படம் எடுக்க விமான நிலையம் அனுமதி கொடுத்தது. பாதுகாப்புச் சோதனை நடக்கும் இடத்துக்கு மட்டும் கொடுக்கவில்லை. லோஷினி அதை எதிர்பார்த்தே இருந்தாள். பாசிர் கூடாங்கில் ஒரு கோயில் மண்டபத்தைக் கேட்டு வாங்கி, நீள மேசை போட்டு, பிளாஸ்டிக் தட்டுகளை அடுக்கி, அட்டையில் ஒரு சோதனை வாசல் செய்து நிறுத்தினாள். 'இது ஒத்திகைக் காட்சி' என்று திரையில் போடவும் மறக்கவில்லை.

பயணியாக நடிக்க வந்தவர் வெள்ளையம்மா, கேன்டீனில் சமைக்கிறவர். பெட்டியை மேசையில் வைத்தார். போனையும் சாவியையும் தட்டில் போட்டார். அட்டை வாசலுக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டார்.

குரல் பகுதியை லோஷினி வாசித்துக்கொண்டிருந்தாள். "உலோகப் பொருள் எதையும் அணிந்திருக்கக் கூடாது. மீறினால் எச்சரிக்கை ஒலி எழும்."

வெள்ளையம்மாவின் கை கழுத்துக்குப் போனது. "அப்போ நான் வரலம்மா. டிக்கெட்ட வேற யாருக்காச்சும் மாத்த முடியுமான்னு பாரு."

"ஏன்க்கா?"

"தாலிய கழட்டி அந்தத் தட்டுல போடச் சொல்றியா? அவரு கட்டுனதுலேர்ந்து கழட்டுனதே இல்ல. போடாம போனா மணி அடிக்கும், எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க."

லோஷினிக்குச் சுருக்கென்றது. கவுண்டரில் நின்ற காலத்தில் எத்தனை பெண்கள் தாலியோடு சோதனையைத் தாண்டிப் போவதைப் பார்த்திருக்கிறாள்! எழுதும்போது அது நினைவுக்கே வரவில்லை. உடனே விமான நிலையத்தில் பாதுகாப்புப் பிரிவில் இருக்கும் பழைய தோழி தேன்மொழிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

"பெல்ட்டு, சாவி, போன் எல்லாம் தட்டுல வைக்கட்டும். தாலிய வழக்கமா கழட்டச் சொல்ல மாட்டோம்," என்றாள் தேன்மொழி. "சத்தம் வந்தா ஒரு பொம்பள ஆபீசர் வந்து கைக்கருவியால பார்ப்பாங்க, தேவப்பட்டா கையாலயும் தடவிப் பார்ப்பாங்க. கூச்சமா இருந்தா தனி ரூம் கேக்கலாம். தப்பு செஞ்சாத்தான் அடிக்கும்னு இல்லக்கா. சும்மாவும் அடிக்கும்."

"சும்மாவுமா? அலமாக்!" என்று வெள்ளையம்மா சிரித்துவிட்டார்.

அன்று படப்பிடிப்பு அதோடு நின்றது. லோஷினி வீட்டுக்குப் போய் எழுதியதையெல்லாம் திருப்பிப் பார்த்தாள். 'கூடாது', 'மீறினால்' என்று ஏகப்பட்ட மிரட்டல். எல்லாவற்றையும் அடித்துவிட்டு, பக்கத்தில் நடந்துவருகிறவள் பேசுவதுபோல எழுதினாள். 'சத்தம் வந்தால் அப்படியே நில்லுங்கள். கைகளை விரியுங்கள். ஒரு பெண் அதிகாரி வருவார். முடிந்ததும் உங்கள் பொருள்களை எடுத்துக்கொண்டு நடங்கள்.' பவர் பேங்க் பற்றியும் அப்படித்தான்: 'அதைக் கைப்பையில் வையுங்கள். எடை போட்டு அனுப்பும் பெட்டியில் வேண்டாம்.'

மறுபடியும் மண்டபத்தில் கூடினார்கள். இந்த முறை வெள்ளையம்மா அட்டை வாசலுக்குள் ராணி மாதிரி நடந்தார்.

பயண நாளன்று காலை லோஷினி வழியனுப்பப் போயிருந்தாள். பெண்கள் பலகைகளைத் தாங்களே வாசித்து, அடையாள அட்டையான ஐசியையும் போர்டிங் பாஸையும் கையில் பிடித்தபடி வரிசையில் நகர்ந்தார்கள். அவர்கள் உள்ளே மறையும்வரை நின்றுவிட்டு அலுவலகம் திரும்பினாள்.

மதியத்துக்குள் பினாங்கிலிருந்து போன் வந்தது.

"மணி அடிச்சிச்சு!" வெள்ளையம்மாவின் குரலில் அத்தனை பெருமை. "அந்தப் பொண்ணு சொல்றதுக்கு முன்னாடியே கைய விரிச்சிட்டேன். ஆனா நீ ஒன்ன விட்டுட்டம்மா. பிளேன்ல ஏறுறது வரைக்கும்தானே எழுதுன? எறங்குனா என்ன செய்றதுன்னு சொல்லவே இல்ல. இவளுங்க பெட்டிய எடுக்காமலே வெளிய போகப் பாத்தாளுங்க. நான்தான் பெட்டிப் படம் போட்ட பலகையப் பாத்து இழுத்துட்டு வந்தேன்."

லோஷினி வாய்விட்டுச் சிரித்தாள். கமலநாதன் தன் மேசையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா?"

"பாதி வீடியோதாண்ணே எடுத்திருக்கோம்," என்றாள். புதிய தாள் ஒன்றை எடுத்து, பெட்டி எடுக்கும் இடத்தைக் காட்டும் 'துந்துத்தான் பகாசி' பலகை, முதலில் தூரத்திலிருந்து, என்று எழுத ஆரம்பித்தாள்.