இருபது படி முகப்பூச்சு மாவு

யுத்தம் தொடங்கிய பின் ரங்கூனிலிருந்து என் கணவரின் கடிதங்கள் நின்றுபோயின. அப்போது எனக்கு இருபது வயது. கந்தர்வக்கோட்டை வாரச் சந்தையில் சாக்கை விரித்து, நானே அரைத்த முகப்பூச்சு மாவை விற்றுப் பிழைத்தேன்.

பச்சைப்பயற்றைக் கழுவி வெயிலில் காயவைப்பேன். ஆவாரம்பூவையும் ரோஜா இதழையும் நிழலில் உலர்த்துவேன். கஸ்தூரி மஞ்சளும் பூலாங்கிழங்கும் சேர்த்து, திருகையில் அரைத்து, மல் துணியில் இரண்டு முறை சலிப்பேன். வாரத்துக்கு இரண்டு படிக்கு மேல் செய்ததில்லை.

ஐப்பசி பிறக்கும் சமயம், வசதியான குடியானவ வீட்டு அம்மா ஒருவர் வந்தார். மாவை எடுத்துப் புறங்கையில் குழைத்துப் பூசிப் பார்த்தார்.

“எம் பொண்ணுக்கு நலங்கு வைக்கணும். கல்யாணத்துக்கு வார சனத்துக்கும் குடுக்கணும். இருபது படி ஆகுமா தாயி?”

“ஆகுமுங்க” என்றேன். என் வாழ்க்கையில் யாரும் அவ்வளவு கேட்டதில்லை.

பயற்றை இரண்டு தடவையாகக் கழுவினேன்; இரண்டாவதைப் பரப்பிய அன்றே மழை பிடித்துக்கொண்டது. நான்கு நாள் வெயில் தலைகாட்டவில்லை. முதலில் கழுவிய பத்துப் படி மட்டும் ஒருவாறு காய்ந்திருந்தது. மீதியை அடுப்பங்கரையில் பரப்பினேன். நாள் நெருங்கியதால் அதையும் அரைத்தேன். காய்ந்த மாவைக் கைக்குள் இறுக்கித் திறந்தால் உதிர்ந்துவிடும். இது உருண்டையாக நின்றது. அது எதைச் சொல்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தனிப் பானையில் கொட்டி, வாயைத் துணியால் வேடு கட்டினேன்.

ஐந்தாம் நாள் பிரித்தபோது பூஞ்சை வாடை அடித்தது. வாணலியில் இளஞ்சூட்டில் புரட்டினேன். ஈரம் போயிற்று, வாடை போகவில்லை. வெட்டிவேரையும் ரோஜா இதழையும் இடித்துப் போட்டு அதை அமுக்கினேன். பத்துப் படிதான் தேறியது என்று சொல்லியிருக்கலாம். அவ்வளவு பெரிய வீடு இனி என்னைத் தேடாதே என்ற பயம் வாயை அடைத்துவிட்டது. அவர்கள் வண்டி வந்தபோது நல்ல மாவுப் பானையோடு இதையும் ஏற்றிவிட்டேன்.

கல்யாணம் முடிந்த மறு வாரம் அந்த அம்மா சந்தைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. என் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார்.

“மூணாம் நலங்குலயே மூஞ்சி பூரா தடிச்சுப் போச்சு. சொறிஞ்சு சொறிஞ்சு நீர் வடிஞ்சுது. மணவறையில எம்புள்ள முந்தானைய இழுத்து மூடிக்கிட்டுல்ல ஒக்காந்துச்சு. மாப்பிள்ளை வீட்டுல, இது பெரிய வியாதியோ, குஷ்டமோன்னு கேட்டாங்க.”

பிறகு அந்த அம்மாவே கேட்டார்:

“மாவு கெட்டிருந்தது ஒனக்குத் தெரியுமா?”

“தெரியுமுங்க.”

அவர் எழுந்து அங்கிட்டுப் போய்விட்டார். பக்கத்தில் மிளகாய் விற்றவள் தன் சாக்கைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

அந்தப் பெண்ணின் முகம் ஆற இரண்டு மாதம் ஆயிற்றாம். மாமியார் வீட்டில் அதற்குள் அவளுக்குத் தனித் தட்டு வைத்துவிட்டார்கள் என்றும், முகம் தெளிந்த பிறகும் அதை மாற்றவில்லை என்றும் கேள்விப்பட்டேன். நான் போய்ப் பார்க்கவில்லை. அந்தத் தைரியம் எனக்குக் கடைசிவரை வரவேயில்லை.