கிணத்துக்கடவுக்காரர் கையில் இருந்த தமிழ் நோட்டீஸ்

கோபியில் நான் வாழைக்காய் மண்டி நடத்திய காலத்தில் என்னிடம் சம்பளம் வாங்கியவர்களில் இரண்டு பேர் பட்டம் படித்தவர்கள். நான் படித்தது அஞ்சாவது. அதே மண்டியில் வாழைத்தார் தூக்கிய தோளோடுதான் பின்னாளில் முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தேன். யார் கையையும் எதிர்பார்க்கவில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும், பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

என் மகளைக் கான்வென்டில் சேர்த்தேன். அந்த ஊரில் லாரிக்காரன், மண்டிக்காரன் மகளெல்லாம் அங்கே போகாத காலம் அது. பள்ளிக்கூடத்திலிருந்து இங்கிலீஷில் எந்தக் காகிதம் வந்தாலும் அவள் அதை என்னிடம் நீட்டுவாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்து, "சரி கண்ணு, பாத்துட்டேன்" என்று கையெழுத்துப் போடுவேன். காகிதத்தில் எண் இருந்தால் எனக்குப் போதும். எவ்வளவு, எந்தத் தேதி, இந்த இரண்டும் தெரிந்தால் மீதி எழுத்தெல்லாம் சும்மா இடத்தை அடைக்கப் போட்டது என்பது என் கணக்கு. மண்டியில் அப்படித்தான் பில் பார்த்தேன், ஒரு நாளும் ஏமாறவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் அவள் கோயமுத்தூரில் காலேஜில் சேர்ந்து ஹாஸ்டலில் தங்கினாள். முதல் வருஷத்திலேயே, இரண்டாம் பருவத்துக்குப் பணம் கட்டச் சொல்லி ஹாஸ்டலில் கொடுத்த நோட்டீஸை ஒரு கவரில் போட்டு அனுப்பியிருந்தாள். விதிமுறையும் பணம் கட்டும் விவரமும் சேர்ந்து இரண்டு பக்கம், எல்லாம் இங்கிலீஷ். கூட ஒரு துண்டுச் சீட்டு. 'அப்பா, ஹாஸ்டல் நோட்டீஸ் வைத்திருக்கிறேன். கடைசித் தேதிக்குள் கட்டிவிடுங்கள்.' அவ்வளவுதான். மண்டிக் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்திருந்தால் படித்துச் சொல்லியிருப்பான். ஆனால் அவனிடம், என் மகள் எனக்கு இங்கிலீஷில்தான் எழுதுவாள் என்று அதற்கு முந்தின வாரம்தான் சொல்லியிருந்தேன். தொகையைப் பார்த்தேன், தேதியைப் பார்த்தேன், மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

கடைசித் தேதியன்று புது நோட்டுக் கட்டாக எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். காசை மேசை மேல் வைக்கும்போது சத்தம் வர வேண்டும் என்பது என் பழக்கம். ஹாஸ்டல் ஆபீஸ் மேசையிலும் அப்படியே வைத்தேன். அங்கிருந்த கிளார்க் அம்மா நோட்டுக் கட்டைத் தொடக்கூட இல்லை.

"இந்தப் பருவத்துலருந்து கேஷ் வாங்கறதில்லைங்க. நோட்டீஸ்லயே போட்டிருக்குதுங்களே, படிக்கலீங்களா?"

"படிச்சனுங்க. அவசரத்துல..."

அந்த அம்மாவுக்கு என் அவசரம் புரிந்துவிட்டது போலிருந்தது. சாயங்காலம் ஆபீஸ் மூடுகிறவரைக்கும் பேங்க் மூலமாகக் கொண்டுவந்தால் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். இல்லையென்றால் கட்டாதவர்கள் பெயரை நாளைக் காலையில் மெஸ் வாசல் போர்டில் ஒட்டிவிடுவார்களாம். பணம் வந்து சேருகிறவரைக்கும் அந்தப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கிடையாதாம். என் மகள் பெயர் போர்டில்! பத்துக் குடும்பத்துக்குச் சோறு போடுகிறவன் மகள் தட்டோடு திரும்பிப் போவாள். நோட்டுக் கட்டை அள்ளிக்கொண்டு எழுந்தேன்.

வெளியே வராந்தா பெஞ்சில் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். வேட்டி, மேல்துண்டு, நகக்கண்ணில் தேங்காய் நார்க்கறை. உள்ளே நடந்ததைக் கேட்டிருந்தார். என்னைப் பார்த்து நகர்ந்து இடம் கொடுத்தார்.

"நானுங்க அப்பவே கட்டிப்போட்டேன். புள்ளையப் பாத்துட்டுப் போலாம்னு உக்காந்திருக்கறனுங்க."

கிணத்துக்கடவுப் பக்கம் தோப்புகளில் தேங்காய் உரிக்கிற வேலையாம். அவர் தன் மகளின் ரூம் நம்பரைச் சொன்னதும்தான் தெரிந்தது, அவர் மகளும் என் மகளும் ஒரே ரூம். ஊரிலேயே டிடி எடுத்துக்கொண்டு வந்து, விசிட்டர் கார்டுக்குப் போட்டோவும் கொடுத்து, ரசீதும் வாங்கிவிட்டு நிம்மதியாக இருந்தார். தேங்காய் உரிக்கிறவருக்கு இதெல்லாம் எப்படித் தெரிந்தது என்று எனக்கு உள்ளே சுருக்கென்றது. கேட்டேன். மடியிலிருந்து ஒரு தாளை எடுத்தார். நாலாக மடித்து, பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்திருந்தார்.

"இங்கிலீஷ்ல குடுத்தாங்க, நமக்கு என்ன தெரியுது? எம் புள்ள தமிழ்ல படிச்சு வந்தவளுங்க, அவளுக்கே பாதி வெளங்கல. கூட இருக்கற புள்ள மொத்தத்தையும் தமிழ்ல எழுதிக் குடுத்துருக்குது. தங்கமான புள்ளைங்க."

விரித்துப் பார்த்தேன். ஊதா மசியில் என் மகள் கையெழுத்து. தலையில் 'அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு' என்று இருந்தது. கூட இருக்கிற பெண்ணின் அப்பாவையும் அப்பா என்று கூப்பிடுவது வழக்கம்தான், அது எனக்குத் தெரியும். ஆனாலும் என் மகள் கையால் 'அன்புள்ள அப்பா' என்று எழுதியது இன்னொருத்தர் மடியில் இருந்தது. எனக்கு வந்த சீட்டில் அன்புள்ள கூட இல்லை.

முக்கியமான இடத்திலெல்லாம் சிவப்பில் கோடு. இப்படி எழுதியிருந்தாள்: 'பணமாகக் கொண்டுவர வேண்டாம், வாங்க மாட்டார்கள். ஊரில் எடுத்தால் டிடி. கோயமுத்தூர் வந்து எடுப்பதானால் பேங்க்கில் பேங்கர்ஸ் செக் என்று கேளுங்கள். கேஷ் கவுண்டர் இரண்டு மணிக்கு மூடிவிடும். யார் பெயருக்கு என்பதைக் கீழே இங்கிலீஷில் எழுதியிருக்கிறேன், அதைத் தமிழாக்கவில்லை, பாரத்தில் அப்படியே பார்த்து எழுதினால் போதும். பின்பக்கம் பிள்ளை பெயரும் ரூம் நம்பரும் எழுதுங்கள். மெஸ் அட்வான்ஸ் என்பது முன்பணம். மாதக் கடைசியில் ஆன செலவை எல்லோருக்கும் பிரித்து அதில் கழித்துக்கொள்வார்கள். ஒரு நாள் இரண்டு நாள் வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டுச் செலவு குறையாது. கார்டில் போட்டோ ஒட்டியவர்கள் மட்டும்தான் பிள்ளையைப் பார்க்க முடியும். சித்தப்பா, மாமா யார் வந்தாலும் விட மாட்டார்கள், கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லி வையுங்கள்.'

அதற்கு முந்தின மாதம் என் தம்பி ஒரு தார் பூவன் பழத்தோடு போய், கேட்டிலேயே திருப்பி அனுப்பப்பட்டு வந்தான். நான் வார்டனைக் கண்டபடி பேசினேன். இந்த மனிதர் தன் தம்பியை முன்னாலேயே தடுத்து வைத்திருப்பார்.

கான்வென்ட் பீஸ் கட்டினது நான். அந்த இங்கிலீஷ் தமிழாகிப் போய்ச் சேர்ந்தது கிணத்துக்கடவுக்கு. அவளுக்குத் தமிழ் இவ்வளவு நன்றாக எழுத வரும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

தாளைக் கொஞ்ச நேரத்துக்குக் கேட்டேன். அவர் யோசித்தார். "பத்திரமுங்க. ஊட்ல கேப்பா" என்று சொல்லிக் கொடுத்தார்.

பேங்க்குக்கு ஆட்டோவில் போனேன். கவுண்டர் மூடக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. பேங்கர்ஸ் செக் என்று கணீரென்று கேட்டேன், மறுபேச்சில்லாமல் பாரம் கொடுத்தார்கள். அந்த இங்கிலீஷ் பெயரைப் படம் வரைகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாக வரைந்தேன். ஒரு எழுத்துப் பிசகவில்லை. கிளார்க்கே தலையாட்டினார். செக் கைக்கு வருகிறவரைக்கும் உட்கார்ந்து அந்தத் தாளைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

வருகிற வழியில் காலேஜுக்கு எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடை. உள்ளே போய் ஒரு பிரதி எடுத்தேன். ஆபீஸில் செக்கையும், விசிட்டர் கார்டுக்குப் பர்ஸிலிருந்த என் போட்டோவையும் கொடுத்து ரசீது வாங்கினேன். போர்டில் என் மகள் பெயர் வராது என்று கிளார்க் அம்மா வாயாலேயே சொல்ல வைத்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். பெஞ்சிலிருந்தவரிடம் பிளாஸ்டிக் பையை நீட்டினேன். அதற்குள் இருந்தது ஜெராக்ஸ். அசல் என் சட்டைப் பையில்.

பிரித்துப் பார்த்தார்.

"ஏனுங்க, செகப்புக் கோடெல்லாம் கறுப்பாயிருச்சுங்களே?"

"வெயில்ல கொண்டு போய்ட்டு வந்தனுங்க."

"வெயிலுக்கு மசி வெளுக்குமுங்க. கறுத்து இன்னைக்குத்தானுங்க பாக்கறேன்." என் சட்டைப் பையை ஒரு பார்வை பார்த்துச் சிரித்தார். "இருக்கட்டுமுங்க. உங்க ஊட்டுப் புள்ள எழுத்துத்தானுங்களே. நமக்குப் படிக்கத் தெரிஞ்சாச் செரி."

அவர் யாரென்று நான் கேட்டேனே தவிர, நான் யாரென்று சொல்லவே இல்லை. எப்படிக் கண்டுபிடித்தார் என்று இன்றைக்கும் தெரியாது. நான் தாளைப் படித்தபோது என் முகத்தை அவர் படித்திருக்க வேண்டும்.

சாயங்காலம் மகள்கள் இரண்டு பேரும் வந்தார்கள். என் மகள் முதலில் அவரிடம் போய், "அப்பா, பேங்க்ல ஒண்ணும் சிரமமில்லீங்களே?" என்று கேட்டாள். பிறகுதான் என்னிடம் வந்தாள். பேங்க்கில் நான் பாரம் நிரப்பிய லட்சணத்தைச் சொன்னேன். நோட்டீஸ் தெளிவாக இருந்ததா என்று கேட்டாள். இங்கிலீஷ் கொஞ்சம் சுமார்தான் என்றேன். அவள் கண் என் சட்டைப் பைக்குப் போனது. பையில் ஊதா மசி தெரிந்துகொண்டிருந்தது.

அடுத்த நோட்டீஸ் வந்தபோது கவரில் இங்கிலீஷ் தாளோடு ஒரு தமிழ்த் தாளும் இருந்தது. 'அன்புள்ள அப்பாவுக்கு.' கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டினேன். கடைசித் தேதிக்கு ரொம்ப முன்னாலேயே டிடியோடு போனேன். கிணத்துக்கடவுக்காரரும் வந்திருந்தார். அவர் தாளைக் கேட்டு வாங்கி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவருடையது நீளமாக இருந்தது. எனக்கு நெஞ்சு எரிந்தது. அன்றைக்கு மகளைப் பார்த்ததும் அதைத்தான் முதலில் கேட்டேன்.

"அவருக்கு மட்டும் எதுக்குக் கண்ணு அத்தனை எழுதற?"

"அவரு ஒவ்வொண்ணுக்கும் சந்தேகம் கேட்டு லெட்டர் போடறாருப்பா. அதுக்குப் பதில் எழுதறேன். நீங்க எதையுமே கேக்கறதில்லையே."

அதற்குப் பிறகு நான் சந்தேகம் கேட்க ஆரம்பித்தேன். இஸ்திரிப் பெட்டி வைத்துக்கொள்ள ஏன் விடுவதில்லை, தொடர்ந்து எத்தனை நாள் லீவு என்றால் மெஸ் காசு குறைப்பார்கள், லீவு லெட்டரில் அம்மா கையெழுத்துப் போட்டால் ஏற்றுக்கொள்வார்களா. பாதி எனக்கே தெரிந்ததுதான். தெரிந்தாலும் தபால் எழுதிக் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது, சிவப்புக் கோட்டோடு.

கடைசி வருஷ நோட்டீஸுக்கு எனக்கு வந்த தாள் முன்னும் பின்னும் எழுதியது. கிணத்துக்கடவுக்காரருக்கு ஒரு பக்கம்தான். அவர் கையிலிருந்து வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.